இரண்டு நர்ஸ் தேவை, வார விடுமுறை உண்டு

“ஸ்டாஃப் நர்ஸ் 2 பேர், லேப் டெக்னீசியன் ஒருவர் உடனடியாகத் தேவை. தகுதி: டி.ஜி.என்.எம். / பி.எஸ்சி. நர்சிங் / ஏ.என்.எம்.; லேபுக்கு டி.எம்.எல்.டி. அனுபவசாலிகள், புதியவர்கள் யாரும் அழைக்கலாம். டூட்டி: காலை 8 முதல் இரவு 8, இரவு 8 முதல் காலை 8. வார விடுமுறை உண்டு. சம்பளம் ரூ.14,000 முதல். தங்குமிடம், உணவு இலவசம். இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டு. உடனே சேருபவர்களுக்கு ரூ.5,000 ஊக்கத்தொகை.”

இது எந்த மருத்துவமனையும் அனுப்பிய செய்தி அல்ல. நர்சிங் முடித்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் வந்து விழுகிற செய்திகளின் சாயலில் நானே எழுதிக்கொண்டது. தாலுகா தலைநகர் ஒன்றில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பதினைந்து படுக்கைகள் உள்ள ஒரு நர்சிங் ஹோம் இதை அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். படிக்கிறவர்களின் கண் நேராகச் சம்பளத்துக்குத்தான் போகும். ஆனால் இந்தச் செய்தியில் அதிகம் பேசுகிற எண் பதினாலாயிரம் அல்ல, அந்த ‘2 பேர்’.

வார்டில் எந்நேரமும் ஒரு நர்ஸ் இருந்தாக வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம் ஆள் வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் என்று ஒருவர் வேலை பார்த்தால் அவர் நிரப்புவது 48 மணி. 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை ஆள். காய்ச்சல், திருவிழா, சொந்தத்தில் கல்யாணம் என்று வரும் விடுப்புகளையும் சேர்த்தால் நான்கு பேர் இல்லாமல் ஓடாது. ஐந்து பேர் இருந்தால் யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அதே இடத்தைப் பன்னிரண்டு மணி நேர டூட்டியில், வாரம் ஆறு நாள் கணக்கில் நிரப்பினால் ஒருவர் 72 மணி நேரம் பார்க்கிறார். அப்போது இரண்டேகால் ஆளுக்குச் சற்று மேலே போதும். நான்கு சம்பளம் கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு அல்லது மூன்று சம்பளத்தோடு முடிந்துவிடுகிறது. சின்ன மருத்துவமனைகள் எட்டு டு எட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் காரணம் இவ்வளவுதான். இதில் கெட்ட எண்ணம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பதினைந்து படுக்கையில் ஏழு காலியாகக் கிடக்கும் மாதங்களும் அங்கே உண்டு.

ஆனால் அந்த ‘கால் ஆள்’ இருக்கிறதே, சிக்கல் முழுக்க அங்கேதான். இரண்டே பேரை வைத்து 168 மணி நேரத்தை ஓட்டினால் தலைக்கு 84 மணி. அதாவது ஏழு நாளும் பன்னிரண்டு மணி நேரம். வார விடுமுறைக்கு இடமே இல்லை. ஒருத்திக்கு விடுமுறை கொடுக்கிற நாளில் இன்னொருத்தி இருபத்துநாலு மணி நேரமும் நின்றாக வேண்டும். ‘வார விடுமுறை உண்டு’ என்ற வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டுமானால் மூன்றாவது ஒரு நர்ஸ் ஏற்கனவே அங்கே இருக்க வேண்டும். இருக்கிறாரா, அல்லது இருந்தவர்கள் எல்லோரும் போனதால்தான் இந்த ‘உடனடித் தேவை’யா என்பதைச் செய்தி சொல்லாது. அழைத்துத்தான் கேட்க வேண்டும்: “சார், மொத்தம் எத்தனை சிஸ்டர் இருக்காங்க? ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர்? ஒருத்தர் லீவுன்னா அந்த டூட்டியை யார் பார்ப்பாங்க?” மூன்றாவது கேள்விக்கு “அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா” என்று பதில் வந்தால், அட்ஜஸ்ட் செய்யப்போவது யார் என்று விளக்கத் தேவையில்லை.

பன்னிரண்டு மணி நேரம் என்றாலே கொடுமை என்று சொல்லிவிடவும் முடியாது. வாரம் நான்கு நாள் மட்டும் பன்னிரண்டு மணி நேரம் என்றால் அதே 48 மணிதான். மூன்று நாள் வீட்டில் இருக்கலாம், பேருந்துச் செலவும் மிச்சம். அப்படிக் கிடைத்தால் விரும்பிச் சேருகிறவர்கள் உண்டு. நம் ஊர்ச் சின்ன மருத்துவமனைகளில் அது அபூர்வம், அவ்வளவுதான். டூட்டி ஒப்படைக்கிற நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எட்டு மணி டூட்டிக்கு ஏழே முக்காலுக்கு வர வேண்டும். நோயாளி ஒவ்வொருவரையும் அடுத்தவரிடம் ஒப்படைத்து, மருந்துக் கணக்கு எழுதி வெளியே வர எட்டரை ஆகிவிடும். கடைசிப் பேருந்து எட்டே காலுக்கு என்றால் அந்த அரை மணி நேரம் சின்ன விஷயமல்ல.

இனி சம்பளம். டி.ஜி.என்.எம். முடித்த ஒரு பெண்ணுக்கு இந்தச் செய்தியோடு இன்னொன்றும் வந்திருக்கிறது என்று வைப்போம். அங்கே எட்டு மணி நேர டூட்டி, சம்பளம் 12,500. சாப்பாடு, தங்குமிடம் கிடையாது. மாதத்துக்கு 26 வேலை நாள். முதல் இடத்தில் 26 நாளைப் பன்னிரண்டால் பெருக்கினால் 312 மணி நேரம். பதினாலாயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 45 ரூபாய். இரண்டாவது இடத்தில் 208 மணி நேரம், மணிக்கு 60 ரூபாய். குறைந்த சம்பளம் என்று தோன்றியதுதான் மணிக் கணக்கில் அதிகம்.

இதோடு முடியவில்லை. அந்தப் பெண் வெளியூர்க்காரர், அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் ஐயாயிரம் ஆகும் என்றால், இலவசத் தங்குமிடமும் உணவும் அவருக்கு ஐயாயிரம் ரூபாய் சம்பளத்துக்குச் சமம். அதைச் சேர்த்துப் பத்தொன்பதாயிரத்தை 312-ஆல் வகுத்தால் மணிக்கு 61 ரூபாய். இரண்டு இடமும் சமமாகிவிடுகிறது. முதல் இடத்தில் மாதம் 104 மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம். அந்த ஊரிலேயே வீடு உள்ள பெண்ணுக்கோ இந்தச் சலுகையால் பத்துப் பைசா லாபம் இல்லை. ஆகவே அவர் “எனக்குத் தங்குமிடம் வேண்டாம், சம்பளத்தில் கூட்டித் தருவீர்களா” என்று கேட்பது நியாயமானது. பலர் கேட்பதே இல்லை.

தங்குமிடம் எங்கே என்பதும் கேட்க வேண்டியதுதான். பெரும்பாலும் அது வார்டுக்கு மேல் மாடியில் ஓர் அறை. இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலியோடு ஒருவர் வந்தால், டூட்டி முடிந்து தூங்குகிற சிஸ்டரைக் கதவைத் தட்டி எழுப்ப ஒரு நிமிடம் போதும். இலவச அறையின் வாடகை சில இடங்களில் இப்படித்தான் வசூலாகிறது. எழுப்பினால் அதற்குத் தனியாகப் பணமோ மாற்று விடுப்போ உண்டா என்று முதல் நாளே பேசிவிட்டால் பிறகு மனஸ்தாபம் இல்லை.

சம்பளத்துக்கு அரசுத் தரப்பு அளவுகோல் ஏதாவது உண்டா? உண்டு, பாதி உண்டு. தனியார் மருத்துவமனை செவிலியர்களின் நிலை பற்றிய வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அடுத்து, மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது, இருநூறு படுக்கைக்கு மேலென்றால் மாநில அரசு செவிலியருக்கு நிகராக இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற அளவிலேயே நின்றது. அதைக் காட்டிப் பதினைந்து படுக்கை மருத்துவமனையைக் கட்டாயப்படுத்த முடியாது. கட்டாயப்படுத்த முடிவது மாநில அரசின் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையைத்தான். மருத்துவமனைகளுக்கும் நர்சிங் ஹோம்களுக்கும் தனி அறிவிக்கை இருக்கிறது. அதிலுள்ள பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும். மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் அந்த ஆண்டின் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தகுதிப் பட்டியலில் இருக்கும் சாய்கோடுகளுக்கு வருவோம். டி.ஜி.என்.எம். மூன்றாண்டுப் படிப்பு, பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டு, ஏ.என்.எம். இரண்டாண்டு. முதல் இரண்டும் முடித்தவர்கள் பதிவுபெற்ற செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் குழுமத்தில் பதிவு செய்கிறவர்கள். 1926-ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டத்தின் கீழ் பிறந்த குழுமம் அது. ஏ.என்.எம். என்பது துணைச் செவிலியர் படிப்பு. கர்ப்பிணிகளைக் கவனிப்பது, தடுப்பூசி போடுவது, கிராமத்தில் வீடு வீடாகப் போவது ஆகியவற்றுக்காக வகுக்கப்பட்டது. அவர்களுக்கும் குழுமத்தில் பதிவு உண்டு, ஆனால் வேறு வகையில். அந்தப் படிப்பை நான் மட்டம் தட்டவில்லை. தமிழ்நாட்டின் தடுப்பூசித் திட்டமே அவர்கள் கையால் நடந்ததுதான். ஆனால் இரவில் தனியாக வார்டைப் பார்ப்பது, ரத்தம் ஏற்றும்போது பக்கத்தில் நின்று கவனிப்பது, அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரின் நாடியில் வரும் மாற்றத்தை வைத்து டாக்டரை அழைப்பது எல்லாம் வேறு பயிற்சி. மூன்று படிப்பையும் ஒரே சாய்கோட்டில் எழுதுகிற மருத்துவமனை, ‘யார் வந்தாலும் ஒரே வேலைதான்’ என்று சொல்கிறது. ஏ.என்.எம். முடித்த பெண்ணுக்கு அது ஆபத்து, ஏனென்றால் அசம்பாவிதம் நடந்தால் முதல் கேள்வி அவருடைய பதிவைப் பற்றித்தான் வரும். டி.ஜி.என்.எம். முடித்தவருக்கு நஷ்டம், ஏனென்றால் சம்பளம் குறைந்த படிப்புக்கு ஏற்றபடி நிர்ணயமாகும்.

இதற்கும் கீழே ஒரு தளம் இருக்கிறது. ஆறு மாதம், ஓராண்டு என்று நடக்கும் ‘நர்சிங் அசிஸ்டன்ட்’ சான்றிதழ் வகுப்புகள். அவற்றை முடித்தவர்களைக் குழுமம் செவிலியராகப் பதிவு செய்வதில்லை. வெள்ளைச் சீருடை போட்டுவிட்டால் நோயாளிக்கு எல்லோரும் ‘சிஸ்டர்’தான். ‘எந்த நர்சிங் படிப்பும்’ என்று எழுதியிருக்கும் செய்தி பெரும்பாலும் இவர்களைக் குறைந்த சம்பளத்துக்குத் தேடுகிறது. மாறாக, ‘குழுமப் பதிவு அவசியம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த மருத்துவமனை பற்றிக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம் வைக்கலாம். பெங்களூரில் போய்ப் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே வேலைக்குச் சேரும் முன் தமிழ்நாட்டுக் குழுமத்திலும் பதிந்துகொள்ள வேண்டும். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறவர்கள் அதிகம்.

லேப் டெக்னீசியனுக்குச் செய்தியில் ஒரே ஒரு சொல்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்: டி.எம்.எல்.டி. அவருடைய டூட்டி நேரம் எழுதப்படவே இல்லை, ஏனென்றால் எட்டு டு எட்டு அவருக்குப் பொருந்தாது. சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றோடு காலை ஆறரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். டாக்டர் மாலையில் ஓ.பி. பார்த்து எழுதும் பரிசோதனைகள் இரவு ஒன்பது வரை வரும். நடுவில் மதியம் நான்கு மணி நேரம் வேலை இருக்காது. இந்த உடைந்த டூட்டியில் சம்பளக் கணக்குக்குப் பத்தரை மணி நேரம். வாழ்க்கைக் கணக்குக்குப் பதினாலரை மணி நேரம். வீடு பக்கத்தில் இல்லாதவருக்கு அந்த மதியம் லேபின் பெஞ்சில்தான் கழியும்.

அவர் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி வேறொன்று: “ரிப்போர்ட்டில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?” பரிசோதனை அறிக்கையில் நோயியலில் முதுகலை முடித்த பதிவுபெற்ற மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சின்ன லேப்களில் எளிய பரிசோதனைகளுக்கு எம்.பி.பி.எஸ். மருத்துவர் போதும் என்ற தளர்வு பின்னர் வந்த மத்திய விதிகளில் இருக்கிறது. எப்படியானாலும் டெக்னீசியன் தன்னந்தனியாகக் கையெழுத்திட்டு வெளியே அனுப்புவது சரியான நடைமுறை அல்ல. வாரம் ஒரு முறை வந்து வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற டாக்டர்கள் உள்ள லேப்பில், தவறான ரிப்போர்ட்டுக்குப் பதில் சொல்ல நிற்கப்போவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்தான்.

‘இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டு’ என்பதை மருத்துவமனையின் அளவை வைத்தே கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். இ.எஸ்.ஐ. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்துக்கு; பி.எஃப். இருபது பேரோ அதற்கு மேலோ. டாக்டர், நர்ஸ், மருந்தகம், லேப், ரிசப்ஷன், துப்புரவு எல்லாம் சேர்த்து எட்டே பேர் உள்ள கிளினிக் இரண்டும் தருவதாகச் சொன்னால், அது தானாக முன்வந்து செய்கிற அரிய நல்ல இடமாக இருக்க வேண்டும் அல்லது பேச்சுக்குச் சொன்னதாக இருக்க வேண்டும். பதினாலாயிரம் சம்பளம் முழுவதையும் கணக்கில் எடுத்தால் ஊழியரிடமிருந்து பி.எஃப்.க்கு 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாயும், இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாயும் பிடிப்பார்கள். கைக்கு வருவது 12,215. அதற்கு மேலும் குறைந்தால், நிர்வாகம் தன் பங்கையும் ஊழியர் சம்பளத்திலிருந்தே எடுக்கிறதா என்று கேட்க வேண்டும். அப்படி எடுப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பிடித்த பணம் போய்ச் சேருகிறதா என்பதை இரண்டாம் மாதமே உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்துவிடலாம். கணக்கு எண்ணே தரவில்லை என்றால் அதுவே பதில்.

ஐயாயிரம் ஊக்கத்தொகைக்கு வருகிறேன். அது முதல் மாதச் சம்பளத்தோடு வருவது அரிது. ஆறு மாதம் அல்லது ஓராண்டு முடித்த பிறகு என்பார்கள். ஓராண்டுக்குள் போனால் ஒரு மாதச் சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்குவார்கள். பாண்ட் என்று பெயர். பாண்ட் எல்லாமே செல்லாது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. ஒரு பொதுத்துறை வங்கியின் இரண்டு லட்ச ரூபாய் பாண்டை 2025-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, தாளில் எழுதிய தொகை உச்சவரம்புதான், கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டுமே என்கிறது. எந்தப் பயிற்சியும் தராமல் முதல் நாளே வார்டில் நிறுத்திய மருத்துவமனை, பயிற்சிச் செலவு என்று ஐம்பதாயிரம் கேட்டால் அதை நிரூபிப்பது கடினம். அதனால்தான் வழக்குக்குப் போவதை விட எளிய ஒரு வழியைச் சிலர் கையாள்கிறார்கள்: அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவது. சரிபார்க்கக் காட்டலாம்; கொடுத்துவிட்டு வரக் கூடாது. வற்புறுத்தினால் என்னென்ன கொடுத்தோம், எதற்காக, எப்போது திரும்பும் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் இடத்தில் சேராமல் இருப்பதே மலிவு. வேலைக்கு முன்பே ‘பதிவுக் கட்டணம்’ என்று ஜிபேயில் பணம் கேட்கிற எண் மருத்துவமனையுடையதே அல்ல.

இந்தச் செய்திகளில் நான் தேடிப் பார்த்தும் காணாத சலுகை ஒன்று உண்டு. அது ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி. நர்ஸும் லேப் டெக்னீசியனும் நாள் முழுக்க ஊசியோடு புழங்குகிறவர்கள். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, அந்த நோய் உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆறிலிருந்து முப்பது சதவீதம் வரை, எச்.ஐ.வி.யில் அது நூற்றுக்கு அரை கூட இல்லை. தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். கடைசித் தவணைக்குப் பின் ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி 10 அலகுக்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “தடுப்பூசி நீங்க போடுறீங்களா மேடம், ஊசி குத்திட்டா யாரைக் கூப்பிடணும்?” என்று கேட்டுப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும் என்பதால், மாத்திரை எங்கே கிடைக்கும் என்பது சேருகிற அன்றே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இத்தனை இருந்தும் புதிதாகப் படித்து முடித்தவர்கள் சின்ன மருத்துவமனையில் சேருவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு: அனுபவச் சான்றிதழ். வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் தேவைப்படுகிறது. ஆனால் “எங்களிடம் பணிபுரிந்தார், நல்ல நடத்தை உள்ளவர்” என்று இரண்டு வரியில் வரும் கடிதம் அங்கே எடுபடாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்தப் பிரிவு, எத்தனை படுக்கை, முழு நேர வேலையா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் வந்திருந்தால் அந்தக் கடிதத்துக்குச் சாட்சியும் கூடவே இருக்கும். கையில் கொடுக்கிறோம் என்று சொல்லும் இடத்தில் இரண்டு ஆண்டு உழைத்துவிட்டுப் போகிறவருக்கு, உழைத்ததைக் காட்ட எந்தத் தடயமும் இருக்காது. பதினைந்து படுக்கை அனுபவத்தை ஏற்காத இடங்களும் உண்டு. எனவே வெளிநாட்டுக் கனவு உள்ளவர் ஓராண்டை இங்கே கழித்துக் கை பழகிக்கொண்டு, அடுத்ததைப் பெரிய மருத்துவமனையில் கழிக்கத் திட்டமிடுவது நல்லது. அப்படித் திட்டமிடுகிறவர் ஓராண்டுக்கு மேல் நீளும் எந்த பாண்டிலும் கையெழுத்திடக் கூடாது.